எந்த ரோட்ல வந்தீங்க?

காதுகுத்துக்குத் தாய்மாமன் நேரத்துக்குப் போய்ச் சேரவில்லை என்றால் என்ன ஆகும் என்று தீர்த்தகிரிக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. ஏற்கெனவே ஒருமுறை பட்டவன். தங்கை ஈஸ்வரியின் மூத்த பிள்ளை கோகுல்ராஜுக்குக் காது குத்தியபோது வாடகை வேன் பிடித்துக்கொண்டு, மலையிலிருந்து சொந்தபந்தத்தோடு ஜம்மென்று கிளம்பினான். பைபாஸில் சுங்கச்சாவடி வரைக்கும் எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. அங்கே வேனின் ஃபாஸ்டேக் வேலை செய்யவில்லை. இரண்டு மடங்கு கட்டச் சொன்னார்கள், முடியாது என்று டிரைவர் சண்டைக்கு நின்றான், பின்னால் நின்ற லாரிகள் ஹாரனை அழுத்தின. எல்லாம் முடிந்து இவன் கோயிலுக்குள் ஓடியபோது, பையன் யாரோ ஒருவர் மடியில் உட்கார்ந்து அழுது ஓய்ந்திருந்தான்.

அந்த யாரோ, மாப்பிள்ளை ஆனந்தனின் அக்கா வீட்டுக்காரர். அதைக்கூட தீர்த்தகிரி பொறுத்துக்கொண்டிருப்பான். பையன் காதில் மின்னிய தோட்டைத்தான் அவனால் பொறுக்க முடியவில்லை. தாய்மாமன் வாங்கிய தோடு இவன் சட்டைப் பையில் அல்லவா இருந்தது? அப்படியென்றால் காதில் இருப்பது எங்கிருந்து வந்தது? முன்கூட்டியே வாங்கி வைத்திருக்கிறார்கள். இவன் வரமாட்டான் என்று முன்கூட்டியே முடிவு கட்டியிருக்கிறார்கள். அன்றைக்கு இலையில் உட்கார்ந்தான், சோறு இறங்கவில்லை. அதற்குப் பிறகு அவனும் ஆனந்தனும் நேரில் பார்த்தால் "நல்லா இருக்கீங்களா" என்பதோடு சரி.

இப்போது இரண்டாவது குழந்தை பூஜாவுக்குக் காதுகுத்து. போன வாரம் ஈஸ்வரி போன் செய்தாள்.

"அண்ணா, இந்த வாட்டி வேற தோடு எதுவும் வாங்கல. நீ எடுத்தாந்தாத்தான் காதுகுத்து. பன்னெண்டு மணிக்கு எமகண்டம் வந்துடும், அதுக்குள்ள வந்துடு."

தீர்த்தகிரிக்கு நெஞ்சு நிறைந்துபோனது. அவள் அதோடு போனை வைத்திருக்கலாம்.

"அவரு உன்ன பைபாஸ்லயே வரச் சொன்னாருண்ணா."

நிறைந்த நெஞ்சு அப்படியே சுருங்கியது. எந்த வழியாக வர வேண்டும் என்று உத்தரவு போட மாப்பிள்ளை யார்? அவரும் இதே புதூர்நாட்டில் பிறந்தவர்தானே? வேலூரில் அரசு வேலை கிடைத்து, பொய்கைப் பக்கம் வீடு கட்டிக்கொண்டால் மலைக்காரனுக்கு வழி தெரியாது என்று ஆகிவிடுமா? இப்படி ஒரு வாரம் முழுக்க மனதுக்குள்ளேயே பேசிப் பேசி, பேச்சில் ஜெயித்தும் வைத்திருந்தான்.

ஞாயிற்றுக்கிழமை காலை கிளம்பினார்கள். இந்தத் தடவை வாடகை வண்டி இல்லை. புளி விற்ற கையோடு திருப்பத்தூரில் வாங்கிய சொந்தக் கார், பழைய வண்டிதான் என்றாலும் வெள்ளை வெளேரென்று இருந்தது. ஒரே குறை, உயரம் போதாது. வீட்டு வாசலில் ஏற்றும்போதே அடிவயிறு தரையில் உரசும். உரசும் போதெல்லாம் தீர்த்தகிரிக்குத் தன் வயிற்றில் உரசியது போல இருக்கும். முன் கண்ணாடியில் பழைய ஓனர் ஒட்டிய ஃபாஸ்டேக் இருந்தது. அதை மாற்ற வேண்டும் என்று மனைவி மஞ்சுளா சொல்லிக்கொண்டே இருந்தாள். இவனும் மாற்றலாம் என்று சொல்லிக்கொண்டே இருந்தான்.

பின் சீட்டு முழுக்கச் சீர்த்தட்டுகள். வாழைப்பழம், வெற்றிலை பாக்கு, சாமை அரிசி, ஒரு முழுப் பலாப்பழம், குழந்தைக்குப் பட்டுப் பாவாடை. தோடு மட்டும் இவன் சட்டைப் பையில். மலை வளைவுகளில் இறங்கும்போது ஒவ்வொரு திருப்பத்திலும் ஒரு கை ஸ்டியரிங்கை விட்டுவிட்டுப் பையைத் தொட்டுப் பார்த்தது.

"தோடு எங்கியும் ஓடிடாதுங்க. ரெண்டு கையால ஓட்டுங்க" என்றாள் மஞ்சுளா.

திருப்பத்தூரில் டீக்கடை ஓரமாக நிறுத்தினான். வழி பிரிவது இங்கேதான். வாணியம்பாடி போய், ஆம்பூர் தாண்டி, பைபாஸிலேயே போகலாம். அது சுற்று, ஆனால் ரோடு வழுவழுவென்று இருக்கும், நடுவில் சுங்கச்சாவடி வரும். இல்லையென்றால் ஆலங்காயம், ஒடுகத்தூர், அணைக்கட்டு என்று மலையடிவாரத்தை ஒட்டிப் போகும் பழைய ரோடு. பத்துக் கிலோமீட்டர் போலக் குறைவு, ஒரு பைசா கட்ட வேண்டியதில்லை. ஆனால் நடுவில் காடு, ஒற்றை ரோடு.

மஞ்சுளா போனில் வரைபடத்தைத் திறந்து பார்த்தாள். "ரெண்டுக்கும் கிட்டத்தட்ட ஒரே நேரம்தான் காட்டுது. பைபாஸ்லயே போய்டலாம். இன்னா பெரிய காசு?"

"காசு இல்ல மஞ்சுளா. அந்த டோல்கேட்டு. அங்க போய் நின்னா நம்ம நேரம் நம்ம கையில இல்ல. பழைய டேக்கு வேற. மறுபடியும் அதே கூத்து ஆவணுமா?"

"அப்ப காட்டு ரோடு எப்படி கீதுன்னு யாரையாச்சும் கேளுங்க."

கேட்க ஆள் வெகுதூரத்தில் இல்லை. புதூர்நாட்டுக்கு ஜீப் ஓட்டும் பிரகாஷ் பக்கத்து பெஞ்சிலேயே டீ குடித்துக்கொண்டிருந்தான்.

"ஒடுகத்தூர் ரோடா? சூப்பரா கீதுண்ணா. நேத்துதான் பலாப்பழ லோடு போட்டுக்கினு போய்ட்டு வந்தேன். ஒரே மிதி."

"பாலம் வேலை ஏதோ நடக்குதுன்னாங்களே?"

"நடக்குது. பக்கத்துலயே எறங்கி ஏறிக்கலாம். ஒண்ணும் பிரச்ன இல்ல."

தீர்த்தகிரி வெற்றியோடு மனைவியைப் பார்த்தான். அவள் அசரவில்லை.

"இவன் போனது ஜீப்புலங்க."

"ரோடு எல்லாருக்கும் ஒரே ரோடுதான?"

இங்கேதான் சறுக்கினான். மலையில் பிறந்து வளர்ந்தவனுக்கு ஜீப் போகும் பாதை என்றால் அது ரோடு, ஜீப் நின்றுவிடாமல் போகும் என்றால் அது நல்ல ரோடு. பிறந்ததிலிருந்து அப்படித்தான் கேட்டிருக்கிறான், அப்படித்தான் பிறருக்கும் சொல்லியிருக்கிறான். கார் வாங்கி முழுதாக இரண்டு மாதம்கூட ஆகவில்லை. கையில் கார் வந்திருந்தது, காது இன்னும் ஜீப் காதாகவே இருந்தது.

ஆலங்காயம் வரைக்கும் அவன் ஆட்டம் தாங்க முடியவில்லை. ரோடு புதிதாகத் தார் போட்டுக் கறுப்பாகக் கிடந்தது. "பைபாஸாம் பைபாஸ்" என்று இரண்டு தரம் சொன்னான். ஆலங்காயம் தாண்டிக் காடு தொடங்கியதும் தார் பழசானது. அப்புறம் இரண்டு ஓரமும் அரித்துப் போய், எதிரே பஸ் வந்தால் யார் மண்ணில் இறங்குவது என்று யோசிக்க வேண்டியிருந்தது. அப்புறம் அகலப்படுத்துவதற்காகச் சுரண்டிப்போட்ட இடம் வந்தது. ஜல்லி கொட்டியிருந்தார்கள், அதன் மேல் இன்னும் எதுவும் போடவில்லை. கார் நடைவேகத்துக்கு வந்தது. பின்னால் பலாப்பழம் உருண்டு வெற்றிலைத் தட்டின் மேல் உட்கார்ந்துகொண்டது. சக்கரம் எறிந்த ஜல்லி ஒவ்வொன்றும் அடியில் டங் டங் என்று பட, தீர்த்தகிரியின் பல் கூசியது.

"மணி இன்னா ஆவுது?"

"மணிய பாக்காதீங்க, பள்ளத்த பாருங்க."

அவனால் இரண்டையும் பார்க்காமல் இருக்க முடியவில்லை. பையைத் தொட்டான். கண்ணாடியைப் பார்த்தான். எதிரில் யாராவது வந்தால் கேட்கலாம் என்று பார்த்தால் ஒருவரும் வரவில்லை. ஏன் ஒருவரும் வரவில்லை என்ற நினைப்பு அதற்குப் பிறகுதான் வந்தது.

பாலம் வந்தது. சரியாகச் சொன்னால், பாலம் இருந்த இடம் வந்தது. பழைய சிறுபாலத்தை உடைத்துவிட்டுப் புதிதாகக் கம்பி கட்டி வைத்திருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை, வேலையாட்கள் யாரும் இல்லை. பக்கவாட்டில் ஓடைக்குள் இறங்கி ஏறும்படி மண்பாதை போட்டிருந்தார்கள். மலைமேல் பெய்த மழையில் ஓடை கொஞ்சம் ஓடி, அந்த மண்ணைக் குழைத்து வைத்திருந்தது. அதில் இரண்டு ஆழமான தடங்கள். ஜீப்பும் டிராக்டரும் போன தடங்கள். இரண்டுக்கும் நடுவில் கல்லும் மண்ணுமாக ஒரு முதுகு மேடு.

தீர்த்தகிரி இறங்கிப் போய் அந்த மேட்டின் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தான். மேட்டின் உயரத்தைக் கையால் அளந்தான். அதே கையைக் கொண்டுவந்து காரின் அடியில் வைத்துப் பார்த்தான். மறுபடியும் போய் அளந்தான். கை பொய் சொல்லவில்லை.

அக்கரையில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு கிழவி இதையெல்லாம் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தாள். "காரு போவுமா ஆயா?" என்று இங்கிருந்தே கத்தினான்.

"எட்டு பேரு தூக்கினா போவும்!"

மஞ்சுளாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவன் முகத்தைப் பார்த்ததும் அடக்கிக்கொண்டாள். தீர்த்தகிரிக்கு அழுகை வந்தது, அதுதான் உண்மை. எதிரே ஒடுகத்தூர் அரை மணி நேரத்தில் வந்துவிடும் தூரம். வேகமாக விட்டால் தாண்டிவிடலாமோ? தாண்டினால் தங்கை முன்னால் போய் நிற்கலாம். கல் அடியில் பட்டு ஆயில் டேங்க் உடைந்தால் வண்டி இங்கேயே நின்றுவிடும். ஆயில் இல்லாமல் ஓட்டினால் என்ஜினே போய்விடும். போனை எடுத்துப் பார்த்தான், சிக்னல் ஒரு கோடுகூட இல்லை.

"ஜீப்பு போய்ட்டு வந்த ரோடு" என்று தனக்குத்தானே சொன்னான். பிரகாஷ் பொய் சொல்லவில்லை. அவன் ரோட்டை அவன் சொன்னான்.

"திரும்புங்க" என்றாள் மஞ்சுளா. "ஆலங்காயத்துலேந்து வாணியம்பாடிக்கு ரோடு போவுது. பைபாஸ் புடிச்சிடலாம்."

"பன்னெண்டுக்குள்ள ஆவாது."

"இங்க நின்னா ஆய்டுமா?"

ஜல்லியில் முன்னும் பின்னுமாக எடுத்து வண்டியைத் திருப்பினான். வந்த ஜல்லி மறுபடியும், உருண்ட பலாப்பழம் மறுபடியும். ஆலங்காயம் வந்தது, வாணியம்பாடி வந்தது, கடைசியில் பைபாஸ் வந்தது. வண்டி சத்தமில்லாமல் ஓடியது. பாலாறு ஒரு பக்கம், தோல் தொழிற்சாலைகள் ஒரு பக்கம் என்று ஆம்பூர் பின்னால் போனது. காலையிலேயே இந்த ரோட்டைப் பிடித்திருந்தால் இந்நேரம் கோயிலில் காபி குடித்துக்கொண்டிருக்கலாம் என்று மஞ்சுளா சொல்லவில்லை. சொல்லாமல் இருந்ததே அவனுக்கு நன்றாகக் கேட்டது.

"ஈஸ்வரிக்கு ஒரு போன் போடட்டுமா?"

"வேணாம். போன வாட்டி மூணு தடவ போன் போட்டு சாக்கு சொன்னேன். இந்த வாட்டி மூஞ்சியதான் காட்டுவேன்."

சுங்கச்சாவடி வந்தபோது பன்னிரண்டாக இன்னும் கொஞ்ச நேரமே இருந்தது. முன்னால் நின்ற கார்கள் ஒவ்வொன்றாகப் போக, இவன் முறை வந்ததும் தடுப்புக்கட்டை அப்படியே நின்றது. மேலே சிவப்பு விளக்கு. அவன் பயந்தது அப்படியே நடந்தது. பின்னால் ஹாரன்.

"உங்க டேக் பிளாக்லிஸ்ட்ல இருக்குங்க" என்றான் கூண்டுக்குள் இருந்த பையன். "பணமா கட்டினா ரெண்டு மடங்கு. போன்ல கட்டினா ஒண்ணேகால் மடங்கு. எதுங்க?"

தீர்த்தகிரி சட்டைப் பையைத் தடவினான். மஞ்சுளா அவன் மேலேயே சாய்ந்து போனை ஜன்னலுக்கு வெளியே நீட்டினாள். ஸ்கேன் செய்தபோது ஒரு அழைப்பு குறுக்கே வந்தது, அதைத் தட்டிவிட்டுப் பணத்தை அனுப்பினாள். கட்டை தூக்கிக்கொண்டது. அவ்வளவுதான். இத்தனை வருஷமாகக் கனவில் வந்து மிரட்டிய கேட், ஒரு டீ ஆற்றும் நேரத்துக்குள் பின்னால் போய்விட்டது. அவனுக்குத் தன் மேலேயே ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

பொய்கைக்குப் பக்கத்துக் கோயிலை அடைந்தபோது பன்னிரண்டு தாண்டியிருந்தது. பந்தலில் மேளக்காரர்கள் மேளத்தைத் துணியால் மூடிவிட்டு உட்கார்ந்திருந்தார்கள். முடிந்துவிட்டது என்று தீர்த்தகிரி முடிவுசெய்துகொண்டான். காரை ஒட்டியே நின்றான். மஞ்சுளாதான் முதுகில் கை வைத்துத் தள்ளினாள்.

ஈஸ்வரி எழுந்து வந்தாள். இடுப்பில் பூஜா, தலை நிறையப் பூ, தூக்கக் கண். தீர்த்தகிரி பார்த்தது காதைத்தான். இரண்டு காதும் வெறுமையாக இருந்தன.

"அண்ணா! எந்த ரோட்ல வந்த? போன் போட்டா அண்ணி கட் பண்றாங்க, உனக்கு போட்டா போவல..."

"இன்னும் குத்தலையா?"

"யாரு மடியில வெச்சு குத்தறது? தோடுதான் எது? எமகண்டம் முடிஞ்சு ஒன்றரைக்கு மேல வெச்சிக்கலாம்னு காது குத்தற ஆசாரிய சாப்ட அனுப்பிட்டோம்." அவள் சட்டென்று அவன் பின்னால் எட்டிப் பார்த்தாள். "அவரு எங்க? உன்கூட வரல?"

"யாரு?"

"உன் மாப்ளதான். நீ எங்க வரன்னு கேக்க ஜீப்பு பிரகாஷுக்கு போன் போட்டாரு. அவன் 'அண்ணன் காட்டு ரோட்ல போறாரு, நான்தான் நல்லா கீதுன்னு சொன்னேன்'னு சொல்லிக்கீறான். பாலத்துல காரு எறங்காதுன்னு இவரு அப்பவே பைக்க எடுத்துக்கினு ஒடுகத்தூர் பக்கம் கெளம்பிட்டாரு. உன்ன அக்கரையிலேந்து கூட்டிக்கினு வர்றேன்னு. காட்டுல சிக்னல் இல்ல."

தீர்த்தகிரிக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. பந்தலில் உட்காரச் சொன்னார்கள், உட்கார்ந்தான், எழுந்தான். மோர் கொடுத்தார்கள், வாங்கிக் கையிலேயே வைத்திருந்தான். வாசலுக்குப் போய் ரோட்டைப் பார்த்தான். வந்து சேர்ந்த பிறகு இப்படிக் காத்துக்கிடப்பான் என்று அவன் நினைத்ததே இல்லை. தான் அந்தப் பள்ளத்தைக் கையால் அளந்துகொண்டிருந்த நேரத்தில் அந்த மனிதர் அதை நோக்கித்தான் வந்துகொண்டிருந்திருக்கிறார். இன்னும் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றிருந்தால் எதிர்க்கரையில் பார்த்திருக்கலாம். வழுக்கிற மண் அது. பைக்கில் ஓடைக்குள் இறங்கியிருந்தால்? ஒவ்வொரு பைக் சத்தத்துக்கும் மோர்த் தம்ளரோடு எட்டிப் பார்த்தான்.

ஒருவழியாக ஆனந்தன் வந்து சேர்ந்தான். விசேஷத்துக்குக் கட்டிய வெள்ளை வேட்டி முழங்கால் வரைக்கும் சேறு. முகத்தில் ஜல்லித் தூசி. பைக்கை ஸ்டாண்டு போடும் முன்பே கேட்டான்.

"எந்த ரோட்ல வந்தீங்க மச்சான்?"

வழக்கமாக விருந்தாளியைக் கேட்கிற கேள்விதான்.

"பைபாஸ்லதான் மாப்ள. நீங்க சொன்ன ரோடு."

"நான் உங்க ரோட்ல போனேன்." ஆனந்தன் வேட்டியைக் காட்டினான். "ஓடையில எறங்கி அக்கரை வரைக்கும் நடந்தேன். திரும்பி வந்தா, ஆடு மேய்க்கிற அம்மாதான், 'வெள்ள காரு ஒண்ணு வந்துச்சு, பள்ளத்துக்கு கைய வெச்சு பாத்துட்டு திரும்பிச்சு'ன்னு சொன்னாங்க. அப்பதான் உசுரு வந்துச்சு."

"பிரகாஷு நல்லா கீதுன்னு சொன்னான்..."

"ஜீப்புக்காரன் வேற இன்னா சொல்லுவான்? நானும் அதே மலையில பொறந்தவன்தான மச்சான். கார் வாங்கின புதுசுல நான் எத்தினி வாட்டி வண்டி வயித்த கிழிச்சிருக்கேன் தெரியுமா? அதுக்குத்தான் பைபாஸ்ல வரச் சொன்னேன்."

ஒரு வாரமாக மனதுக்குள் ஜெயித்து வைத்திருந்த பேச்செல்லாம் தீர்த்தகிரிக்கு அந்த இடத்தில் மறந்துபோயிற்று. குடிக்காமல் வைத்திருந்த மோரை ஆனந்தனிடம் நீட்டினான். அவன் வாங்கி ஒரே மூச்சில் குடித்தான்.

எமகண்டம் முடிந்தது. மேளத்தின் துணியை எடுத்தார்கள். தீர்த்தகிரி பாயில் சம்மணம் போட்டு உட்கார, பட்டுப் பாவாடை கட்டிய பூஜாவை ஈஸ்வரி அவன் மடியில் வைத்தாள். குழந்தை ஆசாரியின் கையைப் பார்த்ததும் விஷயம் புரிந்துகொண்டு கத்தத் தொடங்கியது. தலையை அசையாமல் பிடிக்க ஒரு ஆள் வேண்டும். ஆனந்தன் எதிரே மண்டியிட்டு இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். அவன் வேட்டிச் சேறு தீர்த்தகிரியின் புது வேட்டியிலும் ஒட்டிக்கொண்டது.

தீர்த்தகிரி பையிலிருந்து டப்பாவை எடுத்துத் திறந்தான். ஆசாரி தோட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

"தோடு யாரு போடறது? சபைக்கு சொல்லுங்க" என்றார், எல்லா வீட்டிலும் கேட்கிற மாதிரி.

தீர்த்தகிரி வாயைத் திறப்பதற்குள், குழந்தையின் அழுகைக்கும் மேளத்துக்கும் மேலே கேட்கும்படி ஆனந்தன் சத்தமாகச் சொன்னான்.

"தாய்மாமன்!"